கம்பெனி தரும் வட்டியில்லாக் கடனுக்கும் சம்பள அட்வான்ஸுக்கும் வரி எப்படி வருகிறது?

கம்பெனியில் வட்டியில்லாமல் கடன் வாங்கியவர்களிடம் வரி பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். “கடன்தானே வாங்கினேன், அதுக்கு எப்படி வரி?” என்பது ஒன்று. “ரெண்டரை லட்சம் கடன் வாங்கினா அது அப்படியே வருமானத்தில் ஏறிவிடுமாம்” என்பது இன்னொன்று. சம்பள அட்வான்ஸ் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். கணக்குப் பிரிவிலேயே சிலர் எல்லாவற்றையும் ‘ஸ்டாஃப் அட்வான்ஸ்’ என்ற ஒரே லெட்ஜரில் போட்டுவிடுவார்கள். பிப்ரவரி மாதம் டிடிஎஸ் கணக்குப் பார்க்கும்போதுதான் எது என்ன என்ற கேள்வி எழும்.

இந்தியாவில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு கடனை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கணக்கு முழுவதும் 2025-26 நிதியாண்டுக்கானது. அந்த ஆண்டுக்குப் பொருந்துவது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் பிரிவு எண்களையும் வரம்புத் தொகைகளையும் புதிய விதிகளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் வருமானம் இல்லை. மிச்சமான வட்டிதான் வருமானம்

கம்பெனி உங்களுக்குக் குடியிருக்க வாடகை இல்லாமல் ஒரு வீடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு உங்களுடையது ஆகிவிடவில்லை, வேலையை விட்டால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் மாதாமாதம் வெளியில் கொடுத்திருக்க வேண்டிய வாடகை உங்கள் பையில் தங்குகிறது. வரித்துறை வீட்டின் விலையைக் கண்டுகொள்ளாது. வாடகை இல்லாமல் குடியிருக்கும் ஆதாயத்தைத்தான் கணக்கில் எடுக்கும்.

கடனும் அப்படித்தான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள், அதனால் அந்தத் தொகை வருமானம் ஆகாது. ஆனால் அதே பணத்தை வங்கியில் வாங்கியிருந்தால் வட்டி கட்டியிருப்பீர்கள். அந்த வட்டி உங்களுக்கு மிச்சம். வேலை செய்கிற இடத்திலிருந்து சம்பளப் பணமாக இல்லாமல் வேறு வடிவில் கிடைக்கும் இத்தகைய ஆதாயத்தை வரிச் சட்டம் ‘பெர்க்விசிட்’ என்கிறது. பிரிவு 17(2)(viii)-இன் கீழ் அது சம்பள வருமானத்தோடு சேரும். மதிப்பிடும் முறை விதி 3(7)(i)-இல் இருக்கிறது.

வட்டியே இல்லாத கடனுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். கம்பெனி 4 சதவீத வட்டிக்குக் கொடுத்து, ஒப்பிட வேண்டிய வங்கி வட்டி 10 சதவீதம் என்றால், மீதி 6 சதவீதம் ஆதாயம். ஊழியரின் பெயரில் வாங்காமல் அவர் வீட்டு உறுப்பினர் ஒருவரின் பெயரில் கம்பெனி கொடுத்தாலும் ஆதாயம் ஊழியரின் கணக்கில்தான் ஏறும்.

எந்த வட்டியோடு ஒப்பிடுவது?

பாரத ஸ்டேட் வங்கியின் வட்டியோடு. அந்த நிதியாண்டின் முதல் நாளான ஏப்ரல் 1 அன்று, அதே நோக்கத்துக்கான கடனுக்கு ஸ்டேட் வங்கி வாங்கும் வட்டி வீதம்தான் அளவுகோல். ‘அதே நோக்கம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். வீடு கட்ட வாங்கினால் வீட்டுக் கடன் வட்டி, கார் வாங்க என்றால் வாகனக் கடன் வட்டி, பொதுவான தேவைக்கு என்றால் தனிநபர் கடன் வட்டி. தனிநபர் கடன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே கடன் விண்ணப்பத்தில் ‘சொந்தச் செலவு’ என்று பொத்தாம் பொதுவாக எழுதிவிட்டால், வீட்டு வேலைக்காக வாங்கிய கடனுக்கும் அதிக வட்டி வீதத்தில் ஆதாயம் கணக்கிடப்படலாம்.

ஏப்ரல் 1 அன்று எடுத்த வீதம் அந்த ஆண்டு முழுவதற்கும் நிற்கும். நடுவில் ஸ்டேட் வங்கி வட்டியைக் குறைத்தாலும் கூட்டினாலும் கணக்கு மாறாது. அடுத்த ஏப்ரலில் புதிய வீதம் எடுத்துக்கொள்ளப்படும், பழைய கடனின் நிலுவைக்கும் அதுதான்.

கம்பெனி எந்த வங்கியில் எவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது என்பதற்கு இங்கே இடமில்லை. வங்கி ஊழியர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தங்கள் வங்கியின் வட்டியை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஸ்டேட் வங்கியின் வட்டியை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2024 மே மாதம் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் பிரிவையும் விதியையும் செல்லும் என்றது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருப்பதால் வழக்குகள் குறைகின்றன என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஒரு கடனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆண்டுச் சம்பளம் 14 லட்சம் வாங்கும் ஒருவர், 2025 ஜூன் 30 அன்று கம்பெனியில் 2,40,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார். ஜூலைச் சம்பளத்திலிருந்து தொடங்கி மாதம் 10,000 வீதம் 24 தவணை. சம்பளம் மாதத்தின் கடைசி நாளில் போடப்படுகிறது. கணக்குச் சுலபமாக இருக்க, ஒப்பிடும் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும்போது உண்மையான ஏப்ரல் 1 வீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதி சொல்வது, ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளில் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதன்மேல் அந்த மாதத்துக்கான வட்டி. ஜூன் 30 அன்று பாக்கி 2,40,000. ஜூலை 31 அன்று முதல் தவணை பிடித்தபின் 2,30,000. ஆகஸ்டில் 2,20,000. இப்படி மாதம் பத்தாயிரமாக இறங்கி 2026 மார்ச் 31 அன்று 1,50,000. ஜூன் முதல் மார்ச் வரையான பத்து மாதப் பாக்கிகளைக் கூட்டினால் 19,50,000. அதில் 1 சதவீதம் 19,500 ரூபாய். இதுதான் அந்த ஆண்டின் பெர்க்விசிட்.

இப்போது வரி. புதிய வரி முறையில் 14 லட்சத்திலிருந்து நிலையான கழிவு 75,000 போக 13,25,000. இதோடு 19,500 சேர்ந்தாலும் 12 முதல் 16 லட்சம் வரையிலான 15 சதவீதப் படியிலேயே அவர் இருக்கிறார். 15 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 15.6 சதவீதம். 19,500க்குக் கூடுதல் வரி 3,042 ரூபாய். 2,40,000 கடனுக்கு அந்த ஆண்டு அவர் தரும் உண்மையான விலை இவ்வளவுதான். வங்கிக்குப் போயிருந்தால் வட்டியே அதைப்போல ஆறு மடங்குக்கு மேல்.

வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு, புதிய முறையில் கிடைக்கும் வரித் தள்ளுபடியால் இந்தப் பெர்க்விசிட் சேர்ந்தும் வரி பூஜ்யமாகவே இருக்கலாம். ஆனால் 11,90,000இல் நிற்பவருக்கு 19,500 சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கணக்குப் பார்ப்பது நல்லது.

ஒரு நாள் முன்னே பின்னே

மேலே சொன்ன கடன் ஜூன் 30 அன்று கொடுக்கப்பட்டது. அந்த மாதத்தில் பணம் அவர் கையில் இருந்தது ஒரே நாள். ஆனால் கடைசி நாளில் பாக்கி நிற்பதால் ஜூன் மாதம் முழுவதற்கும் 2,400 ரூபாய் ஆதாயம் ஏறிவிட்டது. அதே கடனை ஜூலை 1 அன்று கொடுத்திருந்தால் முதல் கணக்கு ஜூலை 31இன் 2,30,000இல் தொடங்கும், ஆண்டுக்கான பெர்க்விசிட் 17,100 ஆகக் குறையும்.

திருப்பிக் கட்டும்போதும் இதே கதைதான், எதிர்ப்பக்கமாக. தீபாவளி போனஸ் வந்து மொத்தமாக அடைக்க நினைப்பவர் மாதக் கடைசி நாளுக்குள் அடைத்துவிட்டால் அந்த மாதத்துக்கு வட்டிக் கணக்கே வராது. 1ஆம் தேதி அடைத்தால் முந்தைய மாதம் முழுவதும் கணக்கில் சேரும்.

சம்பளத்தை அடுத்த மாதம் 5ஆம் தேதி போடும் கம்பெனிகளும் உண்டு. அங்கே ஜூலைத் தவணை ஆகஸ்ட் 5 அன்றுதான் கழியும், எனவே ஜூலை 31 பாக்கி இன்னும் 2,40,000ஆகவே இருக்கும். அதே கடனுக்குப் பெர்க்விசிட் 20,400 வரும், 900 ரூபாய் கூடுதல். சம்பள மென்பொருள் தவணையை எந்தத் தேதியில் கழிக்கிறது என்று பார்க்காமல் விட்டால், லெட்ஜரும் பெர்க்விசிட் கணக்கும் இப்படித்தான் பொருந்தாமல் போகும்.

இதுவரை பார்த்தது: கடன் தொகைக்கு வரி இல்லை. மிச்சமான வட்டிக்கு உண்டு. அந்த வட்டியை ஏப்ரல் 1 அன்றைய ஸ்டேட் வங்கி வீதத்தில், மாதக் கடைசிப் பாக்கியின்மேல் போட வேண்டும். ஊழியர் ஏதாவது வட்டி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

20,000 ரூபாய் என்பது கழிவு இல்லை

சிறு கடன்களுக்கு விலக்கு உண்டு. வாங்கிய கடன்கள் எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பெர்க்விசிட் கணக்கே வேண்டாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 50,000 கடன் வாங்கியவருக்கு 20,000ஐக் கழித்துவிட்டு 30,000க்கு மட்டும் வட்டி போடுகிறார்கள். அது தவறு. வரம்பைத் தாண்டிவிட்டால் முழு 50,000க்கும் கணக்கு உண்டு.

‘எல்லாம் சேர்ந்து’ என்பதும் முக்கியம். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கான பண்டிகை முன்பணத்தை 10,000இலிருந்து 20,000 ஆக உயர்த்துவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. 20,000 மட்டும் வாங்கியவர் வரம்புக்குள்ளேயே இருக்கிறார். ஆனால் ஒருவர் தன் வேலையிடத்தில் 20,000 பண்டிகை முன்பணத்தோடு வட்டியில்லாமல் இன்னொரு 15,000 கடனும் வாங்கியிருந்தால், மொத்தம் 35,000 ஆகிவிடும். அப்போது விலக்கு இல்லை.

இன்னொரு விலக்கு மருத்துவச் செலவுக்கானது. விதி 3ஏ-இல் பட்டியலிட்டுள்ள புற்றுநோய், காசநோய் போன்ற நோய்களின் சிகிச்சைக்காகக் கொடுத்த கடனுக்குத் தொகை எவ்வளவு இருந்தாலும் பெர்க்விசிட் இல்லை. ‘மெடிக்கல் லோன்’ என்று பெயர் வைத்துவிட்டால் போதாது, பட்டியலில் உள்ள நோயாக இருக்க வேண்டும், மருத்துவமனைத் தாள்கள் கோப்பில் இருக்க வேண்டும். அப்புறம் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டால், வந்த அளவுக்கு விலக்கு போய்விடும். க்ளெய்ம் கிடைத்தும் கடனை அடைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

சம்பள அட்வான்ஸ் எங்கே மாறுகிறது?

அட்வான்ஸ் என்று சொல்லிக் கொடுக்கப்படும் பணத்தில் இரண்டு ரகம் இருக்கிறது. இரண்டுக்கும் வரி விதம் வேறு.

முதல் ரகம், தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் அட்வான்ஸ். 60,000 கொடுத்து ஆறு மாதம் பத்தாயிரமாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு மாதச் சம்பளமும் அந்தந்த மாதம் முழுதாகவே கணக்கில் ஏறுகிறது, அதிலிருந்து தவணை கழிகிறது. பெயர் என்னவாக இருந்தாலும் இது கடன்தான். மேலே சொன்ன மாதக் கடைசிப் பாக்கிக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது ரகம், இன்னும் வேலை செய்யாத மாதத்தின் சம்பளத்தையே முன்கூட்டிக் கொடுத்துவிடுவது. நம் ஊழியர் மார்ச் 25 அன்று ஏப்ரல் மாதச் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறார். ஏப்ரல் கடைசியில் அவருக்குச் சம்பளம் வராது. இது கடன் இல்லை, சம்பளமேதான். சம்பளம் உரிய காலம் வருமுன்னே கைக்கு வந்தால், வந்த ஆண்டிலேயே வரி. எனவே 2025-26இல் அவருக்கு பதிமூன்று மாதச் சம்பளத்துக்கு வரி, மார்ச் மாதமே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஏப்ரலில் அதே தொகைக்கு இன்னொரு முறை வரி கிடையாது, அடுத்த ஆண்டில் பதினொரு மாதச் சம்பளம்தான் வரும். இப்படி ஒரே ஆண்டில் சேர்ந்து வரிப்படி ஏறிவிட்டால், படிவம் 10இ தாக்கல் செய்து பிரிவு 89-இன் கீழ் நிவாரணம் கேட்கலாம்.

எது எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். முழுச் சம்பளமும் காட்டி, பிடித்தங்களில் தவணை இருந்தால் கடன். அந்த மாதச் சம்பளமே ‘ஏற்கெனவே கொடுத்தாயிற்று’ என்று நேர் செய்யப்பட்டிருந்தால் அது முன்கூட்டிய சம்பளம். இதை அட்வான்ஸ் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதி வைக்கும் கணக்காளர் புத்திசாலி.

கம்பெனிப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

கடன் கொடுப்பது செலவு இல்லை. வங்கியில் இருந்த பணம் ஊழியரிடமிருந்து வர வேண்டிய பாக்கியாக உருமாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே கொடுத்த நாளில் ‘ஊழியர் கடன்’ கணக்கில் 2,40,000 பற்று, வங்கியில் வரவு. ஆண்டுக் கடைசியில் இது சொத்துப் பக்கத்தில் நிற்கும். அடுத்த 12 மாதத்தில் வரவேண்டிய பகுதியை நடப்புச் சொத்தாகவும் மீதியை நீண்ட காலச் சொத்தாகவும் பிரித்துக் காட்ட வேண்டும். நம் கடனில் 2026 மார்ச் 31 பாக்கியான 1,50,000இல் 1,20,000 நடப்புச் சொத்து, 30,000 நீண்ட காலம்.

மாதாமாதம் நடக்கும் தவறு சம்பளப் பதிவில் இருக்கிறது. சம்பளச் செலவாக எழுத வேண்டியது பிடித்தங்களுக்கு முந்தைய முழுச் சம்பளம். அதிலிருந்து டிடிஎஸ், பிஎஃப், கடன் தவணை என்று தனித்தனியாக வரவு வைத்து, மீதியை வங்கியில் வரவு வைக்க வேண்டும். அவசரத்தில் சிலர் வங்கியிலிருந்து போன நிகரத் தொகையை மட்டும் சம்பளச் செலவாக எழுதிவிடுவார்கள். விளைவு, கடன் தவணையால் மட்டுமே சம்பளச் செலவு மாதம் 10,000 குறைவாகக் காட்டும், கடன் லெட்ஜரோ 2,40,000இலேயே அசையாமல் நிற்கும். டேலியில் ஊழியர் கடன் லெட்ஜரைத் திறந்து பார்த்து, மாதம் ஒரு வரவுகூட இல்லாவிட்டால் இதுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டிக் கொடுத்த சம்பளத்துக்குப் பதிவு வேறு. மார்ச்சில் அதை ‘முன்கூட்டிச் செலுத்திய சம்பளம்’ என்ற சொத்தாக வைத்து, ஏப்ரலில் சம்பளச் செலவாக மாற்ற வேண்டும். ஊழியருக்கு வரி மார்ச்சில், கம்பெனிக்குச் செலவு ஏப்ரலில். இரண்டும் வெவ்வேறு ஆண்டில் விழுவது பிழை இல்லை.

சரி, அந்த 19,500 பெர்க்விசிட்டுக்குப் பதிவு எங்கே? சாதாரணச் சிறு கம்பெனியின் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. யாரும் யாருக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. அது வரிக் கணக்கில் மட்டும் வாழ்கிற எண். சம்பளப் பிரிவு அதை ஊழியரின் ஆண்டு வருமான மதிப்பீட்டில் சேர்த்து, கூடும் வரியைச் சம்பளத்திலிருந்து டிடிஎஸ்ஸாகப் பிடிக்கும். படிவம் 16-உடன் வரும் படிவம் 12பிஏ என்ற தாளில் வட்டியில்லாக் கடனுக்கென்று ஒரு வரி இருக்கிறது, அதில் 19,500 தெரிய வேண்டும். கடன் லெட்ஜரில் லட்சக்கணக்கில் பாக்கி இருந்து, 12பிஏ-இல் அந்த வரி பூஜ்யமாக இருந்தால், யாரோ மறந்துவிட்டார்கள் என்று பொருள். குறைவாகப் பிடித்த டிடிஎஸ்ஸுக்கும் அதற்கான வட்டிக்கும் கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிய கம்பெனிகளில் இன்னொரு எண் வரும்

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் போன்றவை ‘இண்ட் ஏஎஸ்’ என்ற கணக்கியல் தரத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி வட்டியில்லாக் கடனை முகமதிப்பில் எழுதக் கூடாது. வருங்காலத்தில் வரப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பு என்னவோ அதில்தான் எழுத வேண்டும். நம் கடனில் மாதம் 10,000 வீதம் 24 தவணைக்கு, மாதம் 1 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 2,12,434 ரூபாய். கம்பெனி கொடுத்தது 2,40,000. இடையிலுள்ள 27,566, ஊழியருக்குக் கொடுத்த சலுகை. அதை முன்கூட்டிச் செலுத்திய ஊழியர் சலுகையாக வைத்து, கடன் காலத்தில் சிறிது சிறிதாக ஊழியர் செலவில் எழுதுவார்கள். இன்னொரு பக்கம் கடன்மேல் மாதாமாதம் வட்டி வருமானம் வரவு வைப்பார்கள். முதல் மாதம் 2,12,434இல் 1 சதவீதமான 2,124 ரூபாய்.

வரிக் கணக்கில் இதே கடனின் மொத்தப் பெர்க்விசிட் மூன்று நிதியாண்டுகளில் 19,500, 10,200, 300 என்று சேர்ந்து 30,000 ஆகும், மூன்று ஆண்டும் அதே 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால். புத்தகத்தில் 27,566. இரண்டையும் நேர் செய்ய முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வரி விதி முகமதிப்புப் பாக்கிக்கு வட்டி போடுகிறது, கணக்கியல் தரம் இன்றைய மதிப்புக்குப் போடுகிறது. பொருந்தாமல் இருப்பதுதான் சரி.

வேலையை விட்டுப் போனால்

கடன் பாக்கி இருக்கும்போதே ஊழியர் ராஜினாமா செய்தால், இறுதிக் கணக்கில் விடுப்புச் சம்பளம் போன்ற வரவுகளிலிருந்து பாக்கி கழிக்கப்படும். அப்போதும் செலவாக எழுத வேண்டியது முழுத் தொகை, கழித்ததைக் கடன் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும்.

அப்படியும் 40,000 பாக்கி நின்று, ‘பத்து வருஷம் உழைச்சவர், போகட்டும்’ என்று முதலாளி தள்ளுபடி செய்துவிடுகிறார் என்று வைப்போம். இப்போது கதை மாறிவிட்டது. இதுவரை வட்டி மட்டும்தான் ஆதாயமாக இருந்தது, இனி அசலே திருப்பித் தர வேண்டியதில்லை. வேலை தொடர்பாகக் கிடைத்த ஆதாயம் என்பதால் அந்த 40,000 முழுவதும் தள்ளுபடி செய்த ஆண்டின் சம்பள வருமானத்தில் சேரும், கம்பெனி டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குச் சம்பளமே மிச்சமில்லாமல் போகலாம் என்பதால், இறுதிக் கணக்கில் பணத்தை விடுவிக்கும் முன்பே தள்ளுபடியை முடிவு செய்து, வரிக்கான தொகையை நிறுத்தி வைக்க வேண்டும்.